பக்கத்து பெஞ்சுக்கு வேறு எண்: நான்கு வினாத்தாள் தயாரித்த கதை

மூன்றாவது தடவையில்தான் சரியாக வந்தது. பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் நேரத்தில் வகுப்பிலேயே வைக்கிற 25 மதிப்பெண் கணக்குத் தேர்வு அது. ஒரே வினாத்தாள், எண்கள் மட்டும் நான்கு விதம். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினால் விடை ஒத்துவரக்கூடாது, ஆனால் எந்தத் தாள் கிடைத்தவனும் "எனக்கு மட்டும் கஷ்டமா வந்துச்சு சார்" என்று சொல்லவும் கூடாது. முதல் பாதி சுலபம். இரண்டாவது பாதிதான் மூன்று தேர்வுகளைத் தின்றது.

முதலில் வகுப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. 42 பேர். பெஞ்சுக்கு இரண்டு பேர், குறுக்கே மூன்று பெஞ்சு, பின்னால் பின்னால் ஏழு வரிசை. அதாவது ஒரு வரிசையில் ஆறு பேர், ஒரு பத்தியில் ஏழு பேர். இடநெருக்கடியில் பின்பெஞ்சில் இருப்பவனின் முழங்கை முன்னால் இருப்பவனின் முதுகில் இடிக்கும்.

முதல் முயற்சியில் இரண்டே தாள்தான், அ, ஆ. பெஞ்சில் இடப்பக்கம் இருப்பவனுக்கு அ, வலப்பக்கம் இருப்பவனுக்கு ஆ. பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பதைத் தடுத்தாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது: இப்படிக் கொடுத்தால் ஒரு பத்தி முழுக்க ஏழு பேருக்கும் ஒரே தாள். பக்கத்தில் இருப்பவனின் தாளைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும், முன்னால் இருப்பவனின் தாளைப் பார்க்கக் கொஞ்சம் நிமிர்ந்தாலே போதும். நானே அவர்களுக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறேன்.

பக்கம், முன், பின், மூலைவாட்டம் என்று சுற்றியுள்ள எட்டுப் பேரில் யாருக்கும் தன் தாள் வரக்கூடாது என்றால் குறைந்தது நான்கு தாள் வேண்டும். முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு பெஞ்சை எடுத்துக்கொண்டால் அதில் உள்ள நான்கு பேரும் ஒருவருக்கொருவர் அண்டை வீட்டுக்காரர்கள், அதனால் மூன்று தாள் பத்தாது. நான்கு இருந்தால் எவ்வளவு பெரிய அறைக்கும் போதும். முன்பெஞ்சில் அ, ஆ. பின்பெஞ்சில் இ, ஈ. அதையே கட்டம் கட்டமாக அறை முழுக்க ஓட்டிக்கொண்டே போகலாம்.

இரண்டாம் முயற்சிக்கு எக்செல் எடுத்தேன். ஒரு வரி ஒரு தாள், ஆக நான்கு வரி. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு எண். வேர்டில் Mail Merge போட்டால் நான்கு தாளும் தானாக வந்துவிடும். எண்களை நான் ஏன் யோசிக்க வேண்டும் என்று `=RANDBETWEEN(1,9)` போட்டுவிட்டேன். மூலங்கள் இரண்டையும் அது தேர்ந்தெடுக்கும், அதிலிருந்து இருபடிச் சமன்பாட்டைச் சூத்திரம் கட்டிக்கொடுக்கும். விடையிலிருந்து கேள்விக்கு வருகிற இந்த வழி நல்ல வழிதான், இன்றுவரை மாற்றவில்லை. கேள்வியை முதலில் எழுதினால் காரணிப்படாத சமன்பாடு ஒன்று எப்படியாவது நுழைந்துவிடும்.

சின்னச் சின்ன எரிச்சல்கள் இருந்தன. முதல் அச்சில் `x² + -7x + 12 = 0` என்று வந்தது. கெழு 1 வந்தால் `1x` என்று நிற்கும். அதற்கு இப்படி ஒரு சூத்திரம் போட்டேன். B2-இல் x-இன் கெழு இருக்கிறது:

```
=IF(B2<0," − "," + ")&IF(ABS(B2)=1,"",ABS(B2))&"x"
```

இன்னொன்று, வேர்டின் சமன்பாட்டுப் பெட்டிக்குள் Merge Field-ஐச் செருக முடியவில்லை. அதனால் சமன்பாட்டை எக்செலிலேயே முழு வாக்கியமாகக் கட்டி, வெறும் எழுத்தாக வேர்டுக்கு அனுப்பினேன். எக்செலில் போடுகிற மேலெழுத்து வடிவம் வேர்டுக்கு வராது. ஆனால் `²` என்ற எழுத்தையே நேரடியாகப் போட்டால் அப்படியே வந்துவிடுகிறது. இருபடிக்கு மேல் போகாதவரை இதுவே போதும். பின்னம், வர்க்கமூலக் குறி வேண்டும் என்றால் இந்த வழி உதவாது.

தேர்வு முடிந்தது, தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போனேன். விடைக்குறிப்பு அச்சிடவில்லை என்று நினைவு வந்து கோப்பைத் திறந்து, விடைப் பத்தியை அச்சிட்டுக்கொண்டு திருத்த உட்கார்ந்தேன். முதல் தாள் தவறு. இரண்டாவது தவறு. நான்காவது தாள், வகுப்பிலேயே நன்றாகப் போடுகிற பெண்ணுடையது, அதில் ஒரு கணக்குகூட சரியில்லை. சிவப்பு மையில் நான்கு தாளைக் கிறுக்கிய பிறகுதான் வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் போட்டதெல்லாம் சரி. என் விடைக்குறிப்புதான் வேறு ஏதோ ஒரு தேர்வுக்கானது.

நடந்தது இதுதான். RANDBETWEEN ஒரு தடவை எண்ணைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. கோப்பைத் திறக்கும்போது, எந்தக் கட்டத்திலாவது எதையாவது தட்டும்போது, எல்லா எண்களையும் புதிதாகப் போடும். காலையில் அச்சிட்ட தாளுக்கும் மாலையில் அச்சிட்ட விடைக்கும் சம்பந்தமே இல்லை. அன்றிரவு நான்கு தாளையும் நானே உட்கார்ந்து கையால் போட்டு விடைக்குறிப்பு தயாரித்தேன். மாணவனாக இருந்து பார்த்தது மாதிரி ஆயிற்று, அதனால்தான் அடுத்த தவறும் கண்ணில் பட்டது.

நான்கு தாளில் வந்திருந்த இருபடிச் சமன்பாடுகள் இவை:

```
அ:  x² − 7x + 12 = 0
ஆ:  x² − 9x + 8 = 0
இ:  x² − 16x + 64 = 0
ஈ:  x² − 15x + 54 = 0
```

பார்க்க ஒன்றுபோல இருக்கும். எல்லாவற்றிலும் x²-இன் கெழு 1, நடுவில் கழித்தல், கடைசியில் கூட்டல். ஆனால் போட்டுப் பார்த்தால் தெரியும். ஆ தாளில் 8-ஐ எடுத்தவுடன் முதலில் மனதில் வருவது 1 × 8. கூட்டினால் 9. முடிந்தது. ஈ தாளில் 54-க்கு 1 × 54, 2 × 27, 3 × 18, 6 × 9 என்று நான்கு ஜோடி, சரியானது கடைசியில்தான் கிடைக்கும். இ தாளோ வேறு கணக்கே ஆகிவிட்டது. இரண்டு மூலமும் 8. அதைப் போட்டவர்களில் ஒருவன் "இன்னொரு விடை வரல சார்" என்று தேர்வுக்கு நடுவில் எழுந்து கேட்டான். நான் கவனிக்காமல் "நல்லாப் பாருப்பா" என்று உட்காரவைத்துவிட்டேன். பாவம், அவன் சரியாகத்தான் போட்டிருந்தான்.

கூட்டுத் தொடர்வரிசையிலும் இதே கதை. ஒரு தாளில் முதல் உறுப்பு 5, பொது வித்தியாசம் 3, 20 உறுப்புகளின் கூடுதல். இன்னொன்றில் முதல் உறுப்பு 40, பொது வித்தியாசம் −7, 25 உறுப்புகளின் கூடுதல். முதலாவதில் 20-ஐப் பாதியாக்கி 10 ஆல் பெருக்கினால் 670. இரண்டாவதில் 25/2 என்ற பின்னத்தோடு மல்லுக்கட்டி, 80-இலிருந்து 168-ஐக் கழித்து, −1100 என்று எழுத வேண்டும். சூத்திரம் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல.

கூம்பின் வளைபரப்பு இன்னும் மோசம். ஆரம் 7, உயரம் 24 என்றால் சாயுயரம் 25, வளைபரப்பு 550, 22/7-இல் உள்ள 7 அழகாக அடிபட்டுப் போகிறது. இன்னொரு தாளில் ஆரம் 8, உயரம் 15. சாயுயரம் என்னவோ 17 என்று முழு எண்ணாகத்தான் வந்தது. ஆனால் 22/7 × 8 × 17 என்பது 2992/7, அதாவது 427.43. தசமம் வந்தவுடனே பாதிப் பேர் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்து அடித்துவிட்டு மறுபடி தொடங்கியிருந்தார்கள். அடித்த கணக்கின் கீழே அதே விடை திரும்ப வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது.

அந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றவில்லை.

மூன்றாம் முயற்சியில் RANDBETWEEN-ஐத் தூக்கிப்போட்டேன். நான்கே தாளுக்கு எண்ணைக் கையால் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. எக்செலை எண் தேர்ந்தெடுக்க விடாமல், சரிபார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன். (நாற்பது பேருக்கும் நாற்பது தாள் வேண்டும் என்பவர்கள் RANDBETWEEN-ஐப் பயன்படுத்தலாம். எண் வந்ததும் அந்தக் கட்டங்களை நகலெடுத்து, Paste Special-இல் Values கொடுத்து அதே இடத்தில் ஒட்டிவிடுங்கள். அதன்பின் எண் அசையாது.)

இருபடிக்கு நான் வைத்துக்கொண்ட விதி: கடைசி எண்ணுக்கு எல்லாத் தாளிலும் மூன்றே காரணி ஜோடி இருக்க வேண்டும், சரியான ஜோடி மூன்றாவதாக வர வேண்டும். தேடியபோது 12, 20, 28, 45 கிடைத்தன. 12-க்கு 1 × 12, 2 × 6, 3 × 4. 20-க்கு 1 × 20, 2 × 10, 4 × 5. 28-க்கு 1 × 28, 2 × 14, 4 × 7. 45-க்கு 1 × 45, 3 × 15, 5 × 9. எதை எடுத்தாலும் பையன் மூன்று தடவை தேடினால் விடை. ஆக B பத்தியிலும் C பத்தியிலும் மூலங்களைத் தட்டினேன், சமன்பாட்டை இந்த வரி எழுதிக்கொடுத்தது:

```
="x² − "&(B2+C2)&"x + "&(B2*C2)&" = 0"
```

வந்தவை x² − 7x + 12, x² − 9x + 20, x² − 11x + 28, x² − 14x + 45. ஒரு தாளில் மட்டும் நடுக்குறியையோ கடைசிக் குறியையோ மாற்றிவிடக்கூடாது. கடைசியில் கழித்தல் வந்தால் ஜோடியைக் கூட்டுவதா கழிப்பதா என்ற யோசனை சேர்ந்துகொள்கிறது, அது தனிக் கணக்கு. அதோடு, குறி வேறாக இருந்தால் எட்டிப் பார்க்கிறவனுக்கும் இது வேறு தாள் என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

தொடர்வரிசையில் 20 உறுப்பு என்பதை நான்கிலும் மாற்றவில்லை. முதல் உறுப்பும் பொது வித்தியாசமும் மட்டும் (5, 3), (7, 3), (6, 4), (8, 4). விடைகள் 670, 710, 880, 920. நடுவில் வருகிற பெருக்கல் 19 × 3 அல்லது 19 × 4, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூம்பில்தான் திணறினேன். ஆரம் 7-இன் மடங்காக இருக்க வேண்டும், சாயுயரமும் முழு எண்ணாக வர வேண்டும். தேடித் தேடி (7, 24), (21, 28), (28, 21), (14, 48) என்று நான்கு பிடித்தேன். நடுவில் உள்ள இரண்டும் அருமை: ஆரத்தையும் உயரத்தையும் இடம் மாற்றியதுதான், இரண்டிலும் 441-ஐயும் 784-ஐயும் கூட்டி 1225-க்கு வர்க்கமூலம் காண வேண்டும், சாயுயரம் 35. வளைபரப்பு மட்டும் ஒன்றில் 2310, மற்றதில் 3080. நான்காவதில் சந்தேகம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அச்சு வேலை. முந்தைய தடவை ஒரு ஏ4 தாளில் மேலே அ, கீழே ஆ என்று வைத்து நறுக்கினேன். நறுக்கிய பிறகு எல்லாம் கலந்து, ஆசிரியர் அறை மேசையில் சீட்டுக்கட்டு பிரிக்கிற மாதிரி பிரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை ஒரு ஏ4-இல் மேலும் கீழும் ஒரே தாள். அ 7, ஆ 7, இ 6, ஈ 6 என மொத்தம் 26 பக்கம். பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 52 ரூபாய். கடைக்காரர் வெட்டும் கருவியில் சும்மாவே நறுக்கிக் கொடுத்தார். வேர்டு கோப்பாகக் கொடுக்காமல் PDF ஆகக் கொடுத்தேன், இல்லையென்றால் கடைக் கணினியில் தமிழ் எழுத்துரு மாறி, கேள்வி அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிடும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் PDF-ஐப் பார்த்து நான்கு தாளையும் பேனாவால் போட்டுப் பார்த்தேன். எக்செல் சொன்ன விடையோடு ஒப்பிட்டேன். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் குறித்தேன். ஈ தாள் மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக இழுத்தது. அப்போதே விழித்திருக்க வேண்டும்.

விநியோகத்திலும் ஒரு பாடம் இருந்தது. இரண்டாம் முயற்சியில் அ, ஆ, இ, ஈ, அ, ஆ என்று அடுக்கி, வரிசை வரிசையாக நடந்து கொடுத்தேன். ஆறு பேர் முழுதாக இருந்தால் அடுத்த வரிசை இ-யில் தொடங்கும், எல்லாம் பொருந்தும். அன்றைக்கு முன்வரிசைக் கடைசி பெஞ்சில் இருவரும் வரவில்லை. முதல் வரிசை அ, ஆ, இ, ஈ என்று நான்கோடு முடிந்தது, அடுத்த வரிசை மறுபடி அ-வில் தொடங்கியது. முதல் நான்கு பேருக்கும் பின்னால் அச்சு அசலாக அதே தாள். பாதி அறை கொடுத்த பிறகுதான் கவனித்தேன்.

இப்போது பத்தி பத்தியாகக் கொடுக்கிறேன். முதல் பத்திக்கு அ, இ, அ, இ என்று ஏழு தாள் கொண்ட கட்டு. இரண்டாம் பத்திக்கு ஆ, ஈ, ஆ, ஈ. மூன்றாவது மறுபடி அ, இ. முன்பெஞ்சுக்காரனிடம் கட்டைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னால் தள்ளுவான். நடுவில் ஒருவன் வரவில்லை என்றால் அவனுக்குப் பின்னால் எல்லாம் ஒரு இடம் நகரும், ஆனால் நகர்ந்தாலும் அந்தப் பத்தியில் அ-வும் இ-யும்தான் இருக்கும், பக்கத்துப் பத்தியில் ஆ-வும் ஈ-யும்தான் இருக்கும். மோத வழியே இல்லை. அன்று இரண்டு பேர் வரவில்லை, நான் ஒரு தாளைக்கூட மாற்றி வைக்கவில்லை. ஏழு பேர் கொண்ட பத்தியில் அ நான்கு, இ மூன்று வரும். அதனால்தான் அ-வும் ஆ-வும் தலா 12, இ-யும் ஈ-யும் தலா 9 தேவைப்பட்டன. மேலே சொன்ன அச்சுக் கணக்கில் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று உபரி.

விடைத்தாளில் தாளின் எழுத்தைக் குறிக்கச் சொல்லி இரண்டு தடவை சொன்னேன். ஐந்து பேர் எழுதவில்லை. பரவாயில்லை, முதல் கணக்கை எடுத்து எழுதிய சமன்பாட்டிலேயே எந்தத் தாள் என்று தெரிந்துவிடுகிறது.

திருத்துவதற்கு ஒரு நீளத் தாளில் நான்கு பத்தி போட்டு, இறுதி விடை மட்டுமல்லாமல் நடுப்படிகளையும் எழுதி வைத்தேன். தொடர்வரிசைக்கு 57, 57, 76, 76 என்ற படியும் அதில் இருக்கும். படிக்கு மதிப்பெண் கொடுக்க அது இல்லாமல் முடியாது. முதலில் கட்டை அ, ஆ, இ, ஈ என்று பிரித்துக்கொண்டு, ஒரு பிரிவை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டேன். கலந்து திருத்தினால் கண் ஒரு பத்தி தள்ளிப் போய்விடும்.

ஆ தாள் ஒன்றில் கேள்வியை x² − 9x + 20 = 0 என்று சரியாக எடுத்து எழுதியிருந்தான். அடுத்த வரியில் (x − 3)(x − 4) = 0. மூலங்கள் 3, 4. அது அ தாளின் விடை. 3-ஐயும் 4-ஐயும் பெருக்கினால் 20 வராதே என்று பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மறுநாள் கூப்பிட்டு, திட்டாமல், "இதை விரிச்சு எழுதுப்பா" என்றேன். விரித்தான், 12 வந்தது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவனுக்கு வேற கணக்கா சார்?" என்று கேட்டான். இப்படி அண்டைத் தாளின் விடை வந்த இடங்கள் நாற்பது பேரில் மூன்று.

கடைசியாக, நான்கு தாளும் ஒரே எடையா என்று பார்த்தேன். சராசரியை ஒப்பிடுவதில் பெரிய அர்த்தமில்லை. ஒன்பது பேர் உள்ள பிரிவில் ஒரு நல்ல மாணவி இருந்தாலே சராசரி தூக்கிவிடும். அதற்குப் பதில் ஒவ்வொரு கணக்கிலும் எந்தப் படியில் விழுந்திருக்கிறார்கள் என்று எண்ணினேன். இருபடியிலும் தொடர்வரிசையிலும் நான்கு பிரிவிலும் ஒரே மாதிரி இடத்தில்தான் விழுந்திருந்தார்கள். கூம்பில் மட்டும் ஈ தாள்காரர்களில் நான்கு பேர் 48-இன் வர்க்கத்திலேயே சறுக்கியிருந்தார்கள். 2304-க்குப் பதில் 2204 என்று எழுதியவன் ஒருவன், 196-ஐக் கூட்டி 2400 வைத்துக்கொண்டு வர்க்கமூலம் தேடிக்கொண்டே நேரத்தைத் தொலைத்திருந்தான். மற்ற தாள்களில் வர்க்கம் செய்ய வேண்டிய மிகப் பெரிய எண் 28. அந்தக் கணக்குக்கு ஈ தாள்காரர்களுக்கு, சூத்திரத்தில் சரியாகப் பொருத்தியிருந்தால் வர்க்கப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காமல் விட்டேன்.

அடுத்த தடவை கூம்பில் உயரம் கொடுக்கப்போவதில்லை. ஆரம் 7 என்று நான்கிலும் வைத்து, சாயுயரத்தை 12, 13, 15, 16 என்று நேரடியாகக் கொடுத்துவிடுவேன். விடை 264, 286, 330, 352. சாயுயரம் கண்டுபிடிக்கிற வேலையைச் சோதிக்க வேண்டுமென்றால் அதை இந்தத் தேர்வில் வைக்காமல், கரும்பலகைக்கு ஒருவரைக் கூப்பிட்டுப் போடச் சொல்கிற நாளில் பார்த்துக்கொள்ளலாம். எக்செல் கோப்பில் ஈ வரியில் அந்த 48-ஐ மஞ்சள் பூசி வைத்திருக்கிறேன், மறந்துபோய் மறுபடி அச்சுக்கு அனுப்பாமல் இருக்க.